தொண்ணூறில் நின்ற முள்

அவள் அடித்த வெள்ளைக்கரு நுரை, கிண்ணத்தைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் கீழே விழாது. நுரையக்கா என்ற பெயர் அவளுக்கு வந்தது அப்படித்தான். ஒரு கல்யாண விருந்தன்று, நுரை அடிக்கும் இயந்திரம் புகைவிட்டு நின்றுபோக, அந்த ஹோட்டல் சமையற்கூடம் முழுவதும் தலையில் கைவைத்து நின்றது. அப்போது பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த இவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கம்பிக் கரண்டியை வாங்கி அடிக்க ஆரம்பித்தாள். வலது கை ஓய்ந்தால் இடது கை, இடது ஓய்ந்தால் வலது. கடைசிக் கிண்ணத்தைப் பெரிய செஃப்பின் தலைக்கு மேலேயே கவிழ்த்துக் காட்டினாள். அவர் தொப்பி நனையவில்லை. அடுத்த வாரமே பாத்திரத் தொட்டியிலிருந்து அவளை முட்டை மேடைக்கு மாற்றினார்கள்.

முட்டை மேடை என்றால், காலை உணவுக் கூடத்தில் விருந்தினர் கண்ணெதிரே நின்று கேட்டபடி முட்டை போட்டுக்கொடுக்கிற இடம். ஒருவருக்கு மஞ்சள் ஓட வேண்டும், ஒருவருக்கு ஓடவே கூடாது. இன்னொருவர், "ஓடணும், ஆனா ரொம்ப ஓடக் கூடாது" என்பார். எல்லோருக்கும் அவர்கள் கேட்டதே கிடைக்கும். கடிகாரம், வெப்பமானி எதையும் அவள் பார்ப்பதில்லை. வெள்ளையின் ஓரம் எப்போது பால்போல மங்குகிறது, நடுவில் எப்போது பளபளப்பு போகிறது என்று பார்ப்பாள், சட்டியைச் சாய்ப்பாள், அவ்வளவுதான். வருஷக்கணக்காக அப்படி நின்று நின்று முழங்கால் இரண்டும் பேச ஆரம்பித்திருந்தன.

அந்த மேடைக்கு நேர் பின்னால் சுவரில்லாமல் திறந்திருந்த சமையற்கூடத்தில், இனிப்பு மேடையில் அவள் நாத்தனார் வேலை செய்தாள். கணவனின் ஒரே தங்கை. புகுந்த வீடு ஒத்துவராமல் ஒரு பெட்டியோடு திரும்பி வந்தவளை, அழுதுகொண்டு மூலையில் உட்காரவிடாமல், கையைப் பிடித்து வேலைக்குக் கூட்டிவந்தது நுரையக்காதான். முதல் நாள் முட்டை உடைக்கச் சொன்னபோது ஓட்டுத் துண்டும் கருவும் ஒன்றாகக் கலக்கி வைத்தவள் அவள். நுரையக்கா ஒவ்வொரு ஓட்டுத் துண்டையும் உடைந்த ஓட்டாலேயே எடுத்துக் காட்டி, "கையால நோண்டாதடி, அது உங்கிட்ட கண்ணாமூச்சி ஆடும்" என்று சொல்லித்தந்தாள். ஒரே வீடு, ஒரே பஸ், ஒரே டப்பாவில் சாப்பாடு. பார்க்கிறவர்கள் கூடப்பிறந்தவர்கள் என்றுதான் நினைப்பார்கள்.

அந்தச் சமையற்கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பாலும் முட்டையும் சேர்த்துக் காய்ச்சும் கஸ்டர்ட் போலச் சூடு பார்த்து இறக்க வேண்டிய எதையும் இறக்கும்போது, இறக்குகிறவர் வெப்பமானி காட்டும் எண்ணை உரக்கச் சொல்ல வேண்டும். பக்கத்தில் இருப்பவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அப்புறம்தான் பாத்திரம் அடுப்பை விட்டு நகரும். எந்த எண்ணும் ஒருவர் வாயோடு நின்றுவிடக் கூடாது என்பது பெரிய செஃப்பின் எண்ணம். நாத்தனார் சொல்லும் எண்ணைத் திருப்பிச் சொல்வது எப்போதும் நுரையக்காவின் குரல். முதுகைக் காட்டிக்கொண்டு ஆம்லெட் மடித்தபடியே, "எண்பத்து மூணு" என்று ஒரு பாட்டுபோலத் திருப்பிவிடுவாள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த நாளில் பிரிவின் தலைவர் வேலையை விட்டுப் போனார். முட்டையும் இனிப்பும் அங்கே ஒரே பிரிவு, ஒரே தலைமை. பெரிய செஃப் இருவரையும் கூப்பிட்டுப் பேசினார். வெளியிலிருந்து ஆள் எடுக்கத் தனக்கு இஷ்டமில்லை என்றார். ஆனால் நிர்வாகம் ஒரு படி வைத்திருக்கிறது: சமையல் கல்லூரி நடத்தும் உணவு அறிவியல் எழுத்துத் தேர்வில் தேறியிருக்க வேண்டும். இருவரும் எழுதுங்கள், ஒருத்தி தேறினால் அவளுக்கு, இருவரும் தேறினால் அனுபவம் கூடியவளுக்கு என்று முடித்துவிட்டார். அனுபவம் கூடியவள் யார் என்று சொல்லத் தேவையிருக்கவில்லை.

நுரையக்கா பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள். அப்பா படுத்த படுக்கையாகிவிட, பரீட்சைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது புத்தகப்பையை ஆணியில் மாட்டினாள். மாட்டியது மாட்டியதுதான். பிரிவுத் தலைமை வந்தால் நிற்கிற நேரம் குறையும், முழங்கால் கொஞ்சம் வாயை மூடும் என்பதெல்லாம் உண்மைதான். அதைவிடப் பெரிய ஆசை ஒன்று உள்ளே இருந்தது. ஒரே ஒரு பரீட்சையை முழுசாக எழுதி, அதில் தேறினேன் என்று சொல்லிக்கொள்ள வேண்டும். யாரிடம் சொல்ல வேண்டும் என்றுகூட அவள் யோசித்ததில்லை.

வாரம் ஒரு மத்தியானம் வகுப்பு. முதல் வகுப்பன்று ஹோட்டலில் கூட்டம் நெரிந்ததால் இருவரில் ஒருவர்தான் போக முடிந்தது. "நீ போடி, நான் ரெண்டு மேடையையும் பாத்துக்கறேன்" என்று நாத்தனாரை அனுப்பிவைத்தாள். திரும்பி வந்ததும் என்ன நடத்தினார்கள் என்று கேட்டாள். கை கழுவுவது, பாத்திரத்தைச் சுத்தமாக வைப்பது, கருவிகளைப் பராமரிப்பது, இப்படிச் சில்லறை விஷயம்தான் என்று நாத்தனார் சொன்னாள். அன்றைக்கு அது மறைத்தது இல்லை. அவளுக்கு உண்மையிலேயே சில்லறை விஷயமாகத்தான் பட்டிருக்க வேண்டும்.

அடுத்த வகுப்பிலிருந்து நுரையக்கா போனாள். வாத்தியார் ஒல்லியான மனிதர், அதட்டாதவர். முட்டைக்குள் இருக்கும் புரதம் சுருட்டிவைத்த நூல்கண்டு மாதிரி என்று ஆரம்பித்தார். சூடு பட்டால் கண்டு பிரியும். அடித்தாலும் பிரியும், எலுமிச்சைச் சாறு பட்டாலும் பிரியும். அதற்குப் பெயர் இயல்பு குலைதல். பிரிந்த நூல்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வலையாகி, தண்ணீரைத் தங்களுக்குள் பிடித்துவைத்துக்கொண்டால் அது திரளுதல். இன்னும் சூடு ஏற்றினால் வலை இறுகும், பிடித்துவைத்திருந்த தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளும். கஸ்டர்ட் திரிந்து கட்டியும் நீருமாகப் பிரிவது அதனால்தான்.

நுரையக்காவுக்குக் கண் விரிந்தது. இத்தனை வருஷம் சட்டியில் பார்த்ததற்கெல்லாம் உள்ளே ஒரு காரணம் இருந்திருக்கிறது. பஸ்ஸில் திரும்பும்போது நாத்தனாரின் தோளை இடித்து இடித்துப் பேசிக்கொண்டே வந்தாள். நுரையைப் பற்றி அவளுக்கு அன்றைக்கே ஒரு உவமை கிடைத்துவிட்டது.

"இங்க பாரு. காத்துக் குமிழிய சுத்தி எல்லாரும் கைகோத்துக்கிட்டு நிக்கறாங்கன்னு வெச்சுக்க. அதான் நுரை. மஞ்சக்கரு ஒரு சொட்டு விழுந்தா என்ன ஆகுது? அதுல இருக்கற கொழுப்பு நடுவுல புகுந்து, இவங்க நிக்கற எடத்தை அது புடிச்சுக்குது. கை விட்டுப்போச்சு. குமிழி உடைஞ்சிடுது."

"ரொம்ப அடிச்சா?"

"ரொம்ப அடிச்சா ஒருத்தர் கைய ஒருத்தர் நெரிக்கறாங்க. தண்ணி கீழ வடிஞ்சிடுது. நுரை வறண்டு கட்டி கட்டியா போயிடுது. அளவா புடிக்கணும்டி, மாமியார் மருமக மாதிரி."

முன்சீட்டில் இருந்த கிழவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். நாத்தனாரும் சிரித்தாள்.

தேர்வுத் தாள் இரண்டு பகுதி என்று வாத்தியார் சொல்லியிருந்தார். முதல் பகுதி சூட்டில் முட்டை திரள்வது, இரண்டாவது நுரை. இரண்டிலும் தனித்தனியாகத் தேற வேண்டும். முதல் பகுதிக்கு ஒரு நிபந்தனை உண்டு: புத்தகத்து எண்ணை ஒப்பிக்கக் கூடாது. வெள்ளைக்கரு எந்தச் சூட்டில் திரளத் தொடங்கியது, மஞ்சள் எப்போது கெட்டியானது, கஸ்டர்ட் எப்போது கரண்டியில் படிந்தது, எப்போது திரிந்தது என்பதையெல்லாம் தாங்களே செய்து பார்த்து, கண்ட எண்ணையும் அதற்கான காரணத்தையும் எழுத வேண்டும்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து, இரவு வேலை தொடங்குவதற்கு முன் சமையற்கூடம் கொஞ்ச நேரம் தூங்கும். அந்த நேரத்தில் இருவரும் இனிப்பு மேடையில் சோதனை வைத்துக்கொண்டார்கள். வெப்பமானி நாத்தனாருடையது. வட்ட முகமும் முள்ளும் நீளமான கம்பியும் உள்ள அதை அந்த மேடையில் வேறு யாரும் தொடுவதில்லை. நுரையக்கா முட்டையைப் பார்ப்பாள், நாத்தனார் முள்ளைப் பார்ப்பாள். சிறு கண்ணாடிக் குவளையில் வெள்ளைக்கரு, அதைச் சுற்றி வெந்நீர், வெள்ளைக்கருவுக்குள் கம்பி. வெள்ளை மங்கத் தொடங்கியதும் நுரையக்கா, "இப்போ" என்பாள். நாத்தனார், "அறுபத்தொம்பது" என்பாள். மஞ்சள்கரு எழுபத்தைந்தைத் தாண்டிக் கெட்டியானது. கஸ்டர்ட் தொண்ணூறில் கரண்டியில் படிந்தது, தொண்ணூற்றைந்தில் திரிந்தது. பாலும் சர்க்கரையும் கலந்தால் புரதங்கள் ஒன்றையொன்று தேடிப்பிடிக்க நேரமாகும், அதனால் கூடுதல் சூடு வேண்டும் என்பது இருவருக்கும் புரிந்திருந்தது.

ஆனால் கல்லூரி நூலகத்துப் புத்தகத்தில் வெள்ளைக்கருவுக்கு அறுபத்திரண்டு என்று போட்டிருந்ததை நுரையக்கா பார்த்துவிட்டாள். அவள் எதையும் அப்படியே விட்டுவிடுகிறவள் இல்லை. வெள்ளைக்கருவைத் தனியாக இன்னொரு முறை செய்து பார்த்தாள். இந்த முறை முள்ளையும் அவளே குனிந்து பார்த்தாள். அறுபத்தொன்பது. நாத்தனாரிடம் போய்க் கேட்டாள்.

"புக்குல அறுபத்திரண்டுன்னு இருக்கு. நமக்கு ஏன் இவ்வளவு கூட வருது?"

நாத்தனார் மாவுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

"புக்கு எழுதினவங்க எந்த முட்டைய பாத்தாங்களோ. நம்மளது அன்னன்னைக்கு வர்ற முட்டை அண்ணி. சார்தான் சொன்னாரே, கண்ணால பாத்ததை எழுதுங்கன்னு."

நியாயமாகத்தான் பட்டது. அன்றன்றைக்கு வரும் முட்டை, அதனால் கூடச் சூடு தாங்குகிறது. நுரை விஷயத்திலும் அப்படித்தானே? பழைய முட்டையின் வெள்ளை நீர்த்துப்போய் சீக்கிரம் பொங்கும், சீக்கிரம் அமுங்கும். புது முட்டை மெதுவாக எழும்பும், நின்று பிடிக்கும். முட்டைக்கு முட்டை மாறத்தான் செய்யும் என்று தனக்குத்தானே ஒரு காரணம் கட்டிக்கொண்டாள். வாய்விட்டு அதைச் சொல்லிப் பார்த்து மனப்பாடமும் செய்துகொண்டாள்.

தேர்வன்று அவள் பேனா பிடித்த விரல் வியர்த்தது. ஆனாலும் நிற்காமல் எழுதினாள். மணி அடித்தபோது கடைசி வரிக்குப் புள்ளி வைத்திருந்தாள். வெளியே வந்து நாத்தனாரின் கன்னத்தைக் கிள்ளி, "முழுசா எழுதிட்டேன்டி" என்றாள்.

முடிவு வந்த மத்தியானம் வாத்தியார் தாள்களைக் கையோடு கொண்டுவந்து வகுப்பில் கொடுத்தார். நாத்தனாருக்கு அன்றைக்கு வேலை, அவள் வரவில்லை. தாள்களைக் கொடுக்கும் முன், நுரைப் பகுதியில் தனக்கு மிகவும் பிடித்த விடை என்று ஒன்றை எழுதியவர் பெயர் சொல்லாமல் படித்தார். காற்றுக் குமிழியைச் சுற்றிப் புரதங்கள் கைகோத்து நிற்கின்றன. கொழுப்பு நடுவில் புகுந்து அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதிகம் அடித்தால் ஒன்றின் கையை மற்றொன்று நெரிக்கிறது. சிறிது எலுமிச்சைச் சாறு அந்த நெரிசலைத் தள்ளிப்போடுகிறது. சர்க்கரை குமிழிச் சுவரின் நீரைக் கெட்டியாக்கி வடியவிடாமல் காக்கிறது, ஆனால் நுரை எழும்பிய பிறகே அதைச் சேர்க்க வேண்டும். வகுப்பு மேசையைத் தட்டியது. நுரையக்காவும் தட்டினாள். தன் விடையைத்தான் படிக்கிறார் என்று முகம் சூடாகிவிட்டது. ஆனால் ஒவ்வொரு வாக்கியமும் தான் எழுதியதைவிடக் கொஞ்சம் சுருக்கமாக இருந்தது. அப்போதுதான் புரிந்தது, அது நாத்தனாரின் தாள். சரி, என் வாயிலிருந்து கேட்டதுதானே, நன்றாக எழுதியிருக்கிறாள் என்று இன்னும் பலமாகத் தட்டினாள்.

பிறகு அவளுடைய தாள் அவள் கைக்கு வந்தது. இரண்டாம் பகுதியில் தேறியிருந்தாள். முதல் பகுதியில் தேறவில்லை. ஓரத்தில் சிவப்பு மையில், எழுதிய காரணங்கள் பலவும் சரி என்றும், ஆனால் எல்லா எண்ணும் ஒரேபோல ஏழு டிகிரி கூட என்றும் வாத்தியார் எழுதியிருந்தார். முட்டை புதிது என்பதால் இப்படி எல்லாம் ஒரே அளவு தள்ளிப்போகாது. கருவியைக் கொதிநீரில் சோதித்தீர்களா?

வகுப்பு கலைந்ததும் அவரிடம் போய் நின்றாள். கொதிநீரில் சோதிப்பது என்றால் என்ன என்று கேட்டாள். அவர் வியப்போடு பார்த்தார். முதல் வகுப்பில் நடத்திய முதல் விஷயமே அதுதான் என்றார். வெப்பமானியைப் புரண்டு கொதிக்கும் தண்ணீரில் வைத்தால் இந்த ஊரில் நூறு காட்ட வேண்டும். காட்டாவிட்டால் கருவி தப்பு, அதை நம்பி எதையும் அளக்கக் கூடாது. இந்தப் பகுதியே அதற்காகத்தான் வைத்தது என்று வருத்தத்தோடு சொன்னார். அடுத்த வருஷம் மறுபடி எழுதலாம் என்றும் சொன்னார்.

அப்போதுகூட அவளுக்கு நாத்தனார்மேல் எதுவும் தோன்றவில்லை. நடந்து வரும் வழியெல்லாம் அவள் நினைத்தது ஒன்றுதான்: பாவம், அவளும் முதல் பகுதியில் போயிருப்பாள். ஒரே வெப்பமானி, ஒரே எண்கள். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு கடிகார முகம்போட்ட பொய்யனிடம் ஏமாந்திருக்கிறோம். இதைச் சொல்லி இருவரும் ஒரு மூச்சு திட்டிவிட்டு, ஒரு மூச்சு சிரித்துவிட்டு, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். அழுகை வந்தது. ஆனால் பாதியை வைத்திருந்தாள், சேர்ந்து அழலாம் என்று.

சமையற்கூடத்தில் நாத்தனார் இரவு விருந்துக்குக் கஸ்டர்ட் கிளறிக்கொண்டிருந்தாள். நுரையக்கா பின்னால் போய் நின்றாள். பாத்திரத்தின் விளிம்பில் வெப்பமானி சொருகியிருந்தது. முள் எண்பத்தைந்தைத் தாண்டியது, எண்பத்தெட்டு, தொண்ணூறு. நாத்தனார் கரண்டியைத் தூக்கிப் பார்த்தாள். மெல்லிய துணிபோலக் கஸ்டர்ட் அதில் படிந்திருந்தது. திரும்பாமலேயே உரக்கச் சொன்னாள்:

"எண்பத்து மூணு."

"எண்பத்து மூணு," என்று நுரையக்காவின் வாய் பழக்கத்தில் திருப்பிச் சொல்லிவிட்டது.

வாய் சொன்ன பிறகுதான் கண் பார்த்ததை மனசு படித்தது. முள் தொண்ணூறில் நின்றது. தொண்ணூறைப் பார்த்துக்கொண்டு எண்பத்து மூன்று என்று சொல்ல வேண்டுமானால், ஏழைக் கழிக்கத் தெரிந்திருக்க வேண்டும். யோசிக்காமல், கையோடு கையாகக் கழிக்கிற அளவுக்குப் பழகியிருக்க வேண்டும். தினமும் பாட்டுபோலத் திருப்பிய எண்பத்து மூன்றைச் சோதனையில் கண்ட தொண்ணூறோடு அவள் ஒருநாளும் சேர்த்துப் பார்த்ததில்லை.

நாத்தனார் பாத்திரத்தை இறக்கினாள். நுரையக்கா வெப்பமானியை எடுத்தாள், கம்பியைத் துடைத்தாள், பக்கத்து அடுப்பில் உருண்டு கொதித்துக்கொண்டிருந்த தண்ணீருக்குள் வைத்தாள். முள் ஏறி நூற்றேழில் நின்றது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

நாத்தனார் கஸ்டர்ட்டை வடிகட்ட ஆரம்பித்தாள். வடிகட்டியில் ஒரு கட்டிகூடத் தேங்கவில்லை.

"உன்னத்தான்டி கேக்கறேன்."

"அது கீழ விழுந்த அன்னைக்கே, கொதிக்கற தண்ணியில வெச்சுப் பாத்தேன். நாம சோதனை ஆரம்பிக்கறதுக்கு முன்னால."

"புக்குல வேற மாதிரி இருக்குன்னு நான் வந்து கேட்டேனே. உன் மூஞ்சிய பாத்து கேட்டேன்."

"நான் ஒரு நம்பர்கூட உங்ககிட்ட பொய் சொல்லல அண்ணி. முள்ளு என்ன காட்டுச்சோ அதைத்தான் சொன்னேன்."

அது உண்மைதான். அதுதான் நுரையக்காவுக்கு அதிகம் உறைத்தது. ஊருக்கெல்லாம் கழித்துச் சொன்னவள் தனக்கு மட்டும் கழிக்காமல் சொல்லியிருக்கிறாள்.

"உன் தாள்ல என்ன எழுதின?"

"அறுபத்திரண்டு."

வடிகட்டியைக் கீழே வைத்துவிட்டு, குரல் தாழ்ந்து, நாத்தனார் தானாகவே சொன்னாள்: "ரெண்டு பேரும் பாஸானா உங்களுக்குத்தானே குடுப்பாங்க. உங்க வீட்டுல இருக்கேன், நீங்க வாங்கிக்குடுத்த வேலை பாக்கறேன், இங்கயும் உங்களுக்குக் கீழயேன்னா நான் எப்ப அண்ணி ஒரு ஆளாவேன்?"

நுரையக்காவுக்குச் சொல்ல எத்தனையோ இருந்தது. ஓட்டுத் துண்டை எடுக்கச் சொல்லித்தந்தது, இரண்டு மேடையையும் தனியாளாகப் பார்த்துக்கொண்டு வகுப்புக்கு அனுப்பியது, பஸ்ஸில் தோளை இடித்துக்கொண்டு பேசியது. ஒன்றையும் சொல்லவில்லை. சொன்னால் அதெல்லாம் செய்த உதவியாகிவிடும். செய்தபோது அவள் அப்படி நினைத்துச் செய்யவில்லை. "இதை நான் எடுத்துட்டுப் போறேன்" என்று மட்டும் சொல்லி, வெப்பமானியைத் துணியில் சுற்றிக்கொண்டு கிளம்பினாள். அன்றைக்கு முதல் தடவையாக இருவரும் வேறு வேறு பஸ்ஸில் வீட்டுக்குப் போனார்கள்.

கணவன் லிஃப்ட் பழுதுபார்க்கிறவன். எந்தப் பொருளைக் கையில் கொடுத்தாலும் முதலில் அதன் பின்பக்கத்தைத்தான் பார்ப்பான். சாயங்காலம் அவன் தேநீர் குடிக்கும்போது நடந்ததைச் சொன்னாள். அவன் டம்ளரைக் கீழே வைத்தான். பிறகு, தங்கைக்காகப் பேசுகிறோம் என்று தெரியாத மாதிரி மெதுவாகப் பேசினான். அவள் வேண்டுமென்றே செய்திருக்க மாட்டாள். சொல்ல மறந்திருப்பாள். கெட்டுப்போன கருவியைக் கையில் வைத்துக்கொண்டு அவளும்தானே திண்டாடியிருக்கிறாள், பாவம். வீட்டு விஷயம் வீட்டோடு போகட்டும்.

பேசிக்கொண்டே வெப்பமானியைத் துணியிலிருந்து எடுத்துத் திருப்பினான். வட்ட முகத்துக்கு அடியில், கம்பி தொடங்கும் இடத்தில், ஆறு பட்டை வைத்த ஒரு சின்ன நட்டு இருந்தது. தொழில் புத்தி, வாய் நிற்கவில்லை.

"இது கெட்டுப்போகல. முள்ளு எடம் நகர்ந்திருக்கு, அவ்வளவுதான். இதுக்குத்தான் இந்த நட்டு வெச்சிருக்கான். கொதிக்கற தண்ணியில வெச்சு, இதைப் புடிச்சு லேசா ஒரு திருப்பு. யார் வேணும்னாலும் பண்ணலாம், ஒரு நிமிஷ..."

சொல்லும்போதே அவனுக்கும் கேட்டுவிட்டது. அவ்வளவு எளிதான வேலையை இத்தனை மாதம் செய்யாமல், தினமும் ஏழைக் கழித்துக்கொண்டே இருப்பதற்கு ஒரு காரணம்தான் இருக்க முடியும். அவன் வெப்பமானியை மேசைமேல் வைத்துவிட்டு மனைவியின் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போனான். அன்றிலிருந்து வீட்டில் தங்கைக்காக அவன் வாதாடவில்லை. ஆனால் அண்ணனாக அவளிடம் எதையும் கேட்கவுமில்லை. நுரையக்கா அதற்காகக் காத்திருந்தாள். ஒரு வாரம், இரண்டு வாரம். அப்புறம் காத்திருப்பதை விட்டாள்.

பெரிய செஃப்பிடம் போய்ச் சொல்லலாமா என்று யோசித்தாள். என்னவென்று சொல்வது? அவள் திருடவில்லை, பார்த்து எழுதவில்லை, பொய் எண் சொல்லவில்லை. ஒரு நட்டைத் திருப்பவில்லை, அவ்வளவுதான். கருவியைச் சோதிக்காமல் அளந்தது தன் தவறு. தாளில் சிவப்பு மையில் எழுதியிருப்பது நியாயமான கேள்வி. வாத்தியார்மேலும் அவளுக்குக் கோபமில்லை. கோபப்பட ஒரே ஒரு ஆள்தான் இருந்தாள், அவளோ தினமும் நுரையக்காவோடு ஒரே குழாயடியில் வரிசையில் நின்று தண்ணீர் பிடித்தாள்.

நாத்தனார் பிரிவுத் தலைவி ஆனாள். வெள்ளைக் கோட்டின் காலரில் ஒரு நீலக் கோடு வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். நுரையக்காவும் தட்டினாள், எண்ணி வைத்ததுபோல. கேக் வெட்டி முதல் துண்டை அண்ணியின் வாயருகே கொண்டுவந்தாள் நாத்தனார். நுரையக்கா அதைக் கையில் வாங்கித் தட்டில் வைத்தாள். பாத்திரம் கழுவுகிற அம்மாள் மட்டும் அதைக் கவனித்து, "என்ன நுரையக்கா, நுரை அமுங்கிப்போச்சு போல" என்றாள். இவள் சிரித்து வைத்தாள்.

வீட்டில் தட்டு தனித்தட்டாகிவிட்டது. சண்டை இல்லை. உப்பு எங்கே, சாவி எங்கே என்ற அளவுக்குப் பேச்சு இருந்தது. ஒரு மாதம் போல அப்படி இருந்துவிட்டு, நாத்தனார் ஹோட்டலுக்குப் பக்கத்திலேயே ஒரு அறை பார்த்துக்கொண்டு போனாள். வந்தபோது கொண்டுவந்த அதே பெட்டிதான். நுரையக்கா வாசல்வரை போய் நின்றாள். பெட்டியின் மூடி சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள். அது ஒன்றுதான் அவளால் செய்ய முடிந்தது.

அடுத்த வருஷத் தேர்வுக்கு நுரையக்கா பெயர் கொடுத்துவிட்டாள். பதவி ஒன்றும் காத்திருக்கவில்லை, தெரியும். ஆணியில் மாட்டிய பையை இன்னொரு தடவை மாட்டிவிட்டுப் போக அவளுக்கு மனமில்லை. சொந்தமாக ஒரு வெப்பமானி வாங்கிக்கொண்டாள். தினமும் காலையில் முட்டை மேடைக்கு வந்ததும் முதல் வேலையாக அதைக் கொதிநீரில் வைத்துப் பார்ப்பாள். முள் நூறில் நின்ற பிறகுதான் முதல் முட்டையை உடைப்பாள். வெள்ளைக்கரு இப்போது அறுபத்திரண்டில் மங்குகிறது. எப்போதும் அதில்தான் மங்கியிருக்கிறது.

நாத்தனார் இன்னும் இனிப்பு மேடையில் தன் கையாலேயே கஸ்டர்ட் கிளறுகிறாள். நட்டைத் திருப்பிச் சரிசெய்த அந்தப் பழைய வெப்பமானியை நுரையக்கா அவள் மேடையிலேயே கொண்டுபோய் வைத்துவிட்டாள். முள் எண்பத்து மூன்றுக்கு வந்தால் எண்பத்து மூன்றுதான். நாத்தனார் கரண்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு உரக்கச் சொல்வாள்:

"எண்பத்து மூணு."

பதில் வராது. பாத்திரம் அடுப்பிலேயே இருக்கும், கரண்டி மட்டும் வேகமாகச் சுற்றும். இன்னும் கொஞ்சம் போனால் வலை இறுகிவிடும், நீர் பிரிந்துவிடும் என்பது இருவருக்குமே தெரியும். நுரையக்கா சட்டியை ஓரமாக வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, இனிப்பு மேடைக்கு நடந்துபோவாள். குனிந்து முள்ளைப் பார்ப்பாள். நாத்தனாரின் முகத்தைப் பார்ப்பதில்லை.

அப்புறம்தான், "எண்பத்து மூணு" என்பாள்.